வோல்டேஜ் வளைவின் மூக்கு நுனி

1987 ஜூலை 23. டோக்கியோவில் கடும் வெயில். மதிய உணவு இடைவேளை முடிந்து அலுவலகங்களும் ஆலைகளும் 1 மணிக்கு மறுபடி வேலையைத் தொடங்கியதும், நகரத்தின் மின்தேவை நிமிடத்துக்கு சுமார் 400 மெகாவாட் வீதம் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடுகிறது என்று பொருள். வோல்டேஜ் இறங்குவதைப் பார்த்து, கைவசம் இருந்த கெப்பாசிட்டர்களை எல்லாம் இணைப்பில் சேர்த்தார்கள். இறக்கம் நிற்கவில்லை. 500 கிலோவோல்ட்டில் இருக்க வேண்டிய பெருந்தடங்கள் சில இடங்களில் 460க்கும், சில இடங்களில் 370க்கும் போயின. 1.19 மணிக்குப் பாதுகாப்பு ரிலேக்கள் துணைமின் நிலையங்களைத் துண்டித்தன. சுமார் 8,000 மெகாவாட் சுமை விழுந்தது. ஏறக்குறைய 28 லட்சம் நுகர்வோருக்கு மின்சாரம் போயிற்று.

இடி விழவில்லை, கம்பி அறுந்து விழவில்லை, எந்த மின்நிலையமும் வெடிக்கவில்லை. தேவை ஏறியது, வோல்டேஜ் இறங்கியது, ஒரு கட்டத்துக்குப் பிறகு அதைப் பிடிக்க முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அந்தக் கட்டத்துக்கு மின்பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மூக்கு’. ஒரு மின்பாதை வழியாக எவ்வளவு மெகாவாட் போகிறது, அப்போது மறுமுனையில் வோல்டேஜ் எவ்வளவு நிற்கிறது என்று வரைபடம் போட்டால், கோடு மெல்ல இறங்கி, வலப்பக்கமாக நீண்டு, ஒரு நுனியில் மடங்கி இடப்பக்கம் திரும்புகிறது. பக்கவாட்டில் பார்த்த முகத்தின் மூக்கு மாதிரியே இருக்கும். பி-வி வளைவு என்று இதைச் சொல்வார்கள். பி என்பது பவர், வி என்பது வோல்டேஜ்.

பெரிய நகரத்தின் மின்வலை சிக்கலானது. ஆனால் மின்சாரம் தொலைவிலிருந்து ஒரே திசையில் வந்து சேரும் இடங்களில், மூக்கின் அடிப்படை ஒற்றை மின்பாதையில் இருப்பதுதான். ஒரு முனையில் மூலம், மறுமுனையில் சுமை, நடுவில் நீளமான கம்பி. பொறியாளர்கள் இதை ‘ரேடியல்’ அமைப்பு என்பார்கள். கிளை பிரிந்து போகும், சுற்றி வந்து சேராது. நம் ஊர் விவசாய ஃபீடர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். எனவே அப்படி ஒரு பாதையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

110 கிலோவோல்ட்டில் ஒரு மூலம். அங்கிருந்து 100 கிலோமீட்டருக்கு ஒரு மின்பாதை. இத்தகைய பாதை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 0.4 ஓம் அளவு மாறுதிசை மின்னோட்டத்தைத் தடுக்கும். இதை ரியாக்டன்ஸ் என்பார்கள். ஆக மொத்தம் 40 ஓம். கம்பியின் சாதாரணத் தடை இதைவிடச் சிறியது என்பதால் கணக்கு எளிதாகட்டும் என்று அதை விட்டுவிடுகிறேன். மறுமுனையில் இருக்கும் சுமை பெரும்பாலும் மோட்டார்கள், பவர் ஃபேக்டர் 0.9.

மறுமுனையில் 25 மெகாவாட் எடுத்தால் வோல்டேஜ் 110லிருந்து 105 கிலோவோல்ட்டுக்கு இறங்குகிறது. 50 மெகாவாட் எடுத்தால் 98. 75 எடுத்தால் 88. முதல் 25 மெகாவாட்டுக்கு 5 கிலோவோல்ட் போனது. மூன்றாவது 25 மெகாவாட்டுக்கு 10 போய்விட்டது. 90 மெகாவாட்டில் 77. அதற்கு மேல் 4 மெகாவாட் மட்டும் கூட்டினால் 70. கடைசியாக, 95 மெகாவாட்டுக்குச் சற்று முன்பு, 65 கிலோவோல்ட்டில் கோடு நின்றுவிடுகிறது. 100 மெகாவாட் வேண்டுமென்றால் எந்த வோல்டேஜிலும் அது கிடைக்காது. சமன்பாட்டுக்கு விடையே இல்லை. மூலத்தில் எத்தனை ஜெனரேட்டர்கள் சும்மா நின்றாலும் இந்தப் பாதை வழியாக அதைக் கொண்டுவர முடியாது. இந்த நுனிதான் மூக்கு.

ஏன் இப்படி? காரணம் ரியாக்டிவ் பவரில் இருக்கிறது. மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், கம்பி எல்லாவற்றிலும் காந்தப்புலம் உருவாகி உருவாகி அழிகிறது. அதற்காக ஒரு பங்கு ஆற்றல் மூலத்துக்கும் சுமைக்கும் நடுவே ஒவ்வொரு அலையிலும் போய்ப் போய்த் திரும்புகிறது. அது வேலை செய்யாது, ஆனால் கம்பியில் இடம் பிடிக்கும். அதன் அலகு மெகாவார். நம் பாதையில் 50 மெகாவாட் போகும்போது மின்னோட்டம் 327 ஆம்பியர். கம்பி மட்டும் விழுங்கும் ரியாக்டிவ் பவர் 13 மெகாவார். 90 மெகாவாட் போகும்போது மின்னோட்டம் 752 ஆம்பியர். கம்பி விழுங்குவது 68 மெகாவார். சுமை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, கம்பியின் பசி ஐந்து மடங்கைத் தாண்டிவிட்டது. மோட்டார்கள் அனைத்தும் சேர்ந்து கேட்கும் 44 மெகாவாரைவிடக் கம்பியே அதிகம் தின்கிறது. மின்னோட்டத்தின் இருமடிப்படி இந்த இழப்பு வளர்கிறது என்பதே காரணம். ரியாக்டிவ் பவர் தொலைவிலிருந்து வரவர வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் அதே மெகாவாட்டுக்கு இன்னும் அதிக ஆம்பியர் வேண்டும். ஆம்பியர் கூடினால் கம்பி இன்னும் தின்னும். மூக்கு நுனியில் இந்தச் சுழற்சி முட்டிக்கொள்கிறது.

நுனிக்குக் கீழே மடங்கும் பகுதியையும் பார்க்க வேண்டும். அதே 90 மெகாவாட்டை 77 கிலோவோல்ட்டில் 752 ஆம்பியராகவும் கொடுக்கலாம், 52 கிலோவோல்ட்டில் 1,108 ஆம்பியராகவும் கொடுக்கலாம். காகிதத்தில் இரண்டும் சரியான விடைதான். ஆனால் கீழ்ப்பகுதியில் விதிகள் தலைகீழாகிவிடும். மேல்பகுதியில் இன்னொரு மோட்டாரைப் போட்டால் மொத்த மெகாவாட் கூடும். கீழ்ப்பகுதியில் இன்னொன்றைப் போட்டால் ஆம்பியர் கூடுவதைவிட வோல்டேஜ் வேகமாக விழும். மொத்த மெகாவாட் குறையும். எவ்வளவு அதிகம் கேட்கிறோமோ அவ்வளவு குறைவாகக் கிடைக்கும்.

இந்தத் தலைகீழ் விதி தெரியாத ஒரு கருவி துணைமின் நிலையத்தில் இருக்கிறது. அதுதான் டேப் மாற்றி. 110 கிலோவோல்ட்டை 11 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் பக்கத்தில் ஒரு பெட்டி. உள்ளே சுற்றுகளின் எண்ணிக்கையைச் சிறு படிகளாக மாற்றும் ஏற்பாடு. 11 கிலோவோல்ட் பக்கம் வோல்டேஜ் இறங்கினால், சில பத்து விநாடிகள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு படி ஏற்றும். போதவில்லையென்றால் இன்னொரு படி. அதன் வேலை நுகர்வோர் பக்கம் வோல்டேஜைச் சரியாக வைத்திருப்பது. வழக்கமான நாட்களில் அதைப்போல உதவும் கருவி வேறில்லை.

சுமை நிறைந்த நாளில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். மேலே வோல்டேஜ் இறங்கும்போது குண்டு பல்புகளும் ஹீட்டர்களும் தாமாகவே குறைவாக எடுக்கும். அது மின்பாதைக்குக் கிடைத்த இளைப்பாறல். டேப் மாற்றி ஓரிரு நிமிடத்தில் அந்த இளைப்பாறலைப் பறித்துவிடும்: கீழே வோல்டேஜை மீட்டு, சுமையைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடும். மேலே மின்பாதையில் ஆம்பியர் கூடி, 110 பக்கம் இன்னும் இறங்கும். அதனால் கீழே மறுபடி இறங்கும். மறுபடி ஒரு படி ஏற்றும். நுனியைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு படியும் வோல்டேஜை உயர்த்துவதற்குப் பதிலாகத் தாழ்த்தும். கருவி பழுதாகவில்லை, தனக்கு இட்ட வேலையைத்தான் செய்கிறது. வோல்டேஜ் சரிவு பல சமயம் விநாடிகளில் முடியாமல் நிமிடக்கணக்கில் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் வீட்டு ஸ்டெபிலைசரும் சிறிய டேப் மாற்றிதான். வோல்டேஜ் இறங்கும்போது உள்ளே ரிலே ‘டக்’ என்று மாறும் சத்தம் கேட்கும். ஏசிக்கு வோல்டேஜ் ஏறிவிடும், சுவரிலிருந்து எடுக்கும் ஆம்பியரும் கூடவே ஏறிவிடும். இன்வெர்ட்டர் ஏசிக்குப் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் தேவைப்படாது. அதன் மின்னணுச் சுற்று, வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டித் தன் வாட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். டோக்கியோ சரிவுக்குப் பிறகு பொறியாளர்கள் சுட்டிக்காட்டியதும் இதைத்தான்: வோல்டேஜ் விழுந்தாலும் எடுப்பைக் குறைக்காத புதுவகை ஏசிகள் நகரத்தில் பெருகியிருந்தன. ஒரு வீட்டில் இது நல்ல குணம். ஒரு நகரமே இந்தக் குணத்தோடு இருந்தால், மின்வலைக்கு இயல்பாகக் கிடைக்கும் இளைப்பாறல் இல்லாமல் போகிறது.

இப்போது கெப்பாசிட்டருக்கு வருவோம். கெப்பாசிட்டர் ரியாக்டிவ் பவரைச் சுமைக்குப் பக்கத்திலேயே கொடுக்கும். தொலைவிலிருந்து இழுத்துவர வேண்டியதில்லை. வோல்டேஜ் இறங்கினால் கெப்பாசிட்டரைச் சேர் என்பது எல்லாத் துணைமின் நிலையங்களிலும் உள்ள வழக்கம், அது சரியான வழக்கமும்கூட. ஆனால் இந்த விஷயத்தில் பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. இந்தக் கட்டுரையை நான் எழுதத் துணிந்ததே அதற்காகத்தான்.

நம் பாதையின் மறுமுனையில் சுமை ஏற ஏறக் கெப்பாசிட்டர்களைச் சேர்த்துக்கொண்டே போய், வோல்டேஜை எப்போதும் சரியாக 110 கிலோவோல்ட்டில் நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 மெகாவாட் சுமைக்கு 57 மெகாவார் கெப்பாசிட்டர் தேவைப்படும். அப்போது மூக்கு 95லிருந்து 117 மெகாவாட்டுக்குத் தள்ளிப்போயிருக்கும். கையில் 27 மெகாவாட் இடைவெளி. 120 மெகாவாட்டுக்கு 83 மெகாவார் வேண்டும், மூக்கு 131ஆக நகர்ந்திருக்கும், இடைவெளி 11. 140 மெகாவாட்டுக்கு 102 மெகாவார், மூக்கு 143. இடைவெளி வெறும் 3 மெகாவாட். மீட்டர் முள் மூன்று நிலைகளிலும் 110ஐத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. கெப்பாசிட்டர் இல்லாதபோது மூக்கு நுனி 65 கிலோவோல்ட்டில் இருந்தது. அவ்வளவு தாழ்வதற்குள் யாரும் கூச்சல் போட்டுவிடுவார்கள். விளக்கு மங்கும், மோட்டார் முனகும், தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். 102 மெகாவார் சேர்த்த பிறகு அதே நுனி 98 கிலோவோல்ட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. 110லிருந்து 98 என்பது ஏறக்குறைய 11 சதவீத இறக்கம். கோடைகால மாலைகளில் கிராமப்புறத் துணைமின் நிலையங்களில் வேலை பார்த்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி தரும் அளவு இல்லை. பழைய எச்சரிக்கை எண்ணை நம்பிக்கொண்டிருப்பவர், அது வருவதற்கு முன்பே நுனியைத் தாண்டியிருப்பார்.

சரிவு தொடங்கிவிட்டால் கெப்பாசிட்டர் கைவிடவும் செய்யும். அது கொடுக்கும் மெகாவார் வோல்டேஜின் இருமடிப்படி மாறும். வோல்டேஜ் 85 சதவீதத்துக்கு இறங்கினால் கெப்பாசிட்டர் தருவது 72 சதவீதம்தான். மிகவும் வேண்டியிருக்கும் நேரத்தில் குறைவாகத் தரும். சுழலும் ஜெனரேட்டரும், சின்க்ரனஸ் கண்டென்சர் எனப்படும் சுமையில்லாத பெரிய சுழல் எந்திரமும் இந்த விஷயத்தில் மேல். வோல்டேஜ் இறங்க இறங்க அவை கூடுதலாகக் கொடுக்கும். ஆனால் அவற்றின் சுழலியில் ஓடும் ஃபீல்ட் கரண்ட்டுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. வரம்பைத் தொட்டதும் சுருள் எரியாமல் காக்க ஒரு கட்டுப்படுத்தி அதை அழுத்திப் பிடித்துவிடும். அந்த நிமிடம் முதல் மூலத்தின் வோல்டேஜும் நிலையாக நிற்காது, மூக்கு உள்வாங்கிவிடும்.

அப்படியானால் நெருங்கிவிட்டோம் என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? வோல்டேஜின் அளவைப் பார்ப்பதோடு அது மாறும் வேகத்தையும் பார்க்க வேண்டும். நம் பாதையில், கெப்பாசிட்டர் இல்லாத நிலையில், முதல் 25 மெகாவாட்டில் ஒவ்வொரு மெகாவாட்டும் 0.2 கிலோவோல்ட் இறக்கியது. 90க்கு மேல் ஒவ்வொரு மெகாவாட்டும் 1.7 கிலோவோல்ட் இறக்கியது. ஒரே அளவு சுமைக்கு வோல்டேஜ் முன்பைவிடப் பல மடங்கு துள்ளினால், நுனி பக்கத்தில் இருக்கிறது. இரண்டாவது அடையாளம் கையிருப்பு: அருகிலுள்ள ஜெனரேட்டர்களில் இன்னும் எவ்வளவு மெகாவார் மிச்சம், இணைக்காத கெப்பாசிட்டர் எத்தனை. கெப்பாசிட்டர் முழுவதும் போட்டாயிற்று, ஜெனரேட்டர் ஃபீல்ட் வரம்பில் நிற்கிறது என்றால், வோல்டேஜ் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த மாலை ஆபத்தான மாலை.

எல்லாப் பாதையும் மூக்கு நுனியில்தான் தோற்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 20 கிலோமீட்டர் பாதையில் வோல்டேஜ் சரிவதற்கு வெகுமுன்பே கம்பி சூடாகித் தொய்ந்துவிடும்; அங்கே வெப்பம்தான் எல்லை. நீளம் கூடக் கூட மூக்கு முந்திக்கொள்ளும். திடீரென்று நீளம் கூடுவது போன்ற விளைவை ஒரு பாதை அறுவதும் உண்டாக்கும். நம் எடுத்துக்காட்டில் இரண்டு பாதைகள் இணையாக ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மொத்த ரியாக்டன்ஸ் 20 ஓம், மூக்கு 190 மெகாவாட்டுக்கு அருகில். கெப்பாசிட்டர் இல்லாமல் 110 மெகாவாட் சுமை 97 கிலோவோல்ட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லைக்குப் பாதியைச் சற்றே தாண்டிய நிலை. ஒரு பாதை டிரிப் ஆகிறது. மறு விநாடியே மூக்கு 95 மெகாவாட். ஓடிக்கொண்டிருந்த 110க்கு இப்போது இடமே இல்லை. அதனால்தான் மின்தொகுப்பைத் திட்டமிடுகிறவர்கள் இன்றைய மூக்கைக் கணக்கில் எடுப்பதில்லை. மிக முக்கியமான ஒரு பாதையோ ஜெனரேட்டரோ போன பிறகு மிஞ்சும் மூக்கைத்தான் எல்லையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

நெருங்கிவிட்ட பிறகு செய்யக்கூடியவை மிகக் குறைவு. டேப் மாற்றிகளை அப்படியே நிறுத்திவைக்கலாம். நுகர்வோருக்கு வோல்டேஜ் குறையும், ஆனால் சுமை தானாக இளைக்கும். மிச்சமுள்ள கெப்பாசிட்டர்களை, வோல்டேஜ் விழும்வரை காத்திராமல் முன்கூட்டியே சேர்த்து, ஜெனரேட்டர்களின் மெகாவாரைக் கையிருப்பாக மிச்சம் பிடிக்கலாம். இவை போதாவிட்டால் சுமையை வெட்ட வேண்டும். அதற்கென்றே தாழ்வோல்டேஜ் ரிலேக்கள் உண்டு. வோல்டேஜ் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சில விநாடி நின்றால் ஒதுக்கப்பட்ட ஃபீடர்களைத் திறந்துவிடும். நம் பாதையில் 94 மெகாவாட்டில் வோல்டேஜ் 70. அதில் 9 மெகாவாட்டை மட்டும் வெட்டினால் 82க்கு எழுந்துவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு சுமை 12 கிலோவோல்ட்டை மீட்டுத் தருகிறது. நுனிக்கு முன்பு செய்தால்தான் இந்தப் பேரம். தாண்டிய பிறகு டேப்புகள் ஏறிக்கொண்டிருக்கும்போது அதே 9 மெகாவாட் போதாது. இன்னும் பெரிய பகுதியை இருட்டாக்க வேண்டிவரும். ஓர் ஊரில் பத்து நிமிடம் மின்சாரம் போனதைக் குறைசொல்லும்போது, அது மாவட்டம் முழுவதையும் காப்பாற்றிய வெட்டாக இருந்திருக்கலாம் என்பதையும் நினைத்துப் பார்ப்பது நியாயம்.

கட்டுப்பாட்டு அறைத் திரைகளில் கிலோவோல்ட் எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘நுனிக்கு இன்னும் இத்தனை மெகாவாட்’ என்ற எண்ணும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைக் கணக்கிடும் மென்பொருள்கள் உலகின் பல மின்தொகுப்பு மையங்களில் நிமிடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நீண்ட பாதைகளின் கடைசியில் இருக்கும் துணைமின் நிலையங்களுக்குத்தான் அந்த எண் முதலில் போய்ச் சேர வேண்டும்.

பம்ப்செட் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாம் எடுத்துக்கொண்ட பாதையில் சுமையின் பவர் ஃபேக்டர் 0.9 என்றால் மூக்கு 95 மெகாவாட். அதை 0.95 ஆக்கினால் வேறெதுவும் மாற்றாமலேயே 109 மெகாவாட். முழுதாக 1 ஆக்கினால் 151. இந்த வித்தியாசத்தைத் துணைமின் நிலையத்தில் வைக்கும் பெரிய கெப்பாசிட்டரால் மட்டும் எட்ட முடியாது, ஏனென்றால் அங்கிருந்து உங்கள் கிணறுவரையுள்ள கம்பியில் ரியாக்டிவ் பவர் அப்படியேதான் ஓடும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2 கிலோவார் கெப்பாசிட்டர் என்பது வழக்கமான அளவு. அதை ஸ்டார்ட்டருக்கு அடுத்து, மோட்டாரோடு சேர்ந்து ஓடி மோட்டாரோடு சேர்ந்து நிற்கும்படி இணைக்கச் சொல்லுங்கள். பெரிதாக வைத்தால் நல்லது என்று அளவை மீறிப் போடவும் வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால், அது வேலை செய்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை எலக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கெப்பாசிட்டர் உயிரோடு இருந்தால், அதைக் கழற்றியதும் ஸ்டார்ட்டருக்கு வரும் ஒயரில் ஆம்பியர் கூடும்.